மலரில் நான் எழுதிய ஒரு வரி



கொஞ்சம் நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு படியுங்கள். முன்னாள் மாணவர் சங்க மலரில் போன வருடம் நான் ஒரு வரி எழுதியிருந்தேன்: "தமிழின் வயது 4500 ஆண்டுகள் என்று வெளிநாட்டு விஞ்ஞானிகள் கணிதத்தின் மூலம் நிரூபித்துவிட்டார்கள்." கணக்கு வாத்தியார் எழுதியது என்பதால் யாரும் மறுக்கவில்லை. நாற்பது ஐம்பது பேர் வாட்ஸ்அப்பில் பகிர்ந்தீர்கள். அந்த வரியில் குறைந்தது மூன்று தப்பு இருக்கிறது. அதைத் திருத்தத்தான் இந்தப் பதிவு.

தப்பு தெரியவந்த விதம் எனக்குச் சங்கடமானது. என் பேத்தி ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். பேச்சுப் போட்டியில் தாத்தாவின் வரியை மனப்பாடமாகச் சொல்லியிருக்கிறாள். நடுவராக வந்த அம்மா நிதானமாகக் கேட்டாராம்: "4500 என்பது தமிழின் வயதா? யார் கண்டுபிடித்தார்கள், எப்படி என்று சொல்ல முடியுமாம்மா?" பிள்ளை மேடையில் நின்று, "எங்க தாத்தா சொன்னாங்க" என்றிருக்கிறது. அரங்கம் சிரித்திருக்கிறது. வீட்டுக்கு வந்து என்னிடம் கோபப்படவில்லை. "தாத்தா, நீங்க அந்தக் கட்டுரையப் படிச்சீங்களா?" என்று மட்டும் கேட்டாள். நான் படித்தது செய்தித்தாளில் வந்த நாலு பத்திதான்.

அன்று ராத்திரியே கட்டுரையை இறக்கிப் படித்தேன். யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம். ராயல் சொசைட்டி ஓப்பன் சயின்ஸ் என்ற இதழில் 2018 மார்ச்சில் வந்தது. முதல் ஆசிரியர் விஷ்ணுப்ரியா கோலிபாகம். டேராடூனில் உள்ள இந்திய வனவிலங்கு நிறுவனத்தைச் சேர்ந்தவர். அன்னமரி வெர்கெர்க், ரஸ்ஸல் கிரே உட்பட இன்னும் ஆறு பேர் கூட. ஆக "வெளிநாட்டு விஞ்ஞானிகள்" என்பது முதல் தப்பு. தலைப்பிலேயே "பேய்சியன்" என்று இருக்கிறது. அந்தச் சொல்லை நான் அன்று தாண்டிப்போயிருந்தேன். அதைப் புரிந்துகொள்ள எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. புள்ளியியல் துறையில் வேலை பார்க்கும் நம் பழைய மாணவி ஒருத்தி மூன்று ஞாயிற்றுக்கிழமை போனில் வகுப்பெடுத்தாள். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

இரண்டாவது தப்பு சுலபமானது. கட்டுரை தமிழின் வயதைச் சொல்லவே இல்லை. திராவிட மொழிக் குடும்பம் கிளைவிடத் தொடங்கியது எப்போது என்பதைத்தான் கேட்கிறது. தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், துளு, நீலகிரியின் தோடா, மத்திய இந்தியாவின் கோண்டி, வடக்கே குடுக், பாகிஸ்தானில் பிராகுயி எல்லாம் பிரியாமல் ஒன்றாக இருந்த ஒரு மூலமொழி உண்டென்றால், அது முதன்முதலில் பிரிந்தது எப்போது? கொள்ளுப்பாட்டனின் காலத்தைக் கேட்டால் பேரனின் வயதைச் சொல்வதுபோல நான் எழுதிவிட்டேன்.

மூன்றாவது தப்பு "நிரூபித்துவிட்டார்கள்". நான் எழுதவேண்டிய விஷயம் இதுதான்.

முதலில் அவர்கள் செய்ததைச் சொல்கிறேன். இருபது திராவிட மொழிகளை எடுத்து, அவற்றைத் தாய்மொழியாகப் பேசுபவர்களிடம் நேரில் கேட்டு, கண், பல், நீர், நாய் போன்ற நூறு அடிப்படைப் பொருள்களுக்கான சொற்களைத் திரட்டினார்கள். பிறகு ஒவ்வொரு பொருளுக்கும் எந்தெந்த மொழிகளின் சொற்கள் ஒரே வேரிலிருந்து வந்தவை என்று குறித்தார்கள். நம் "கண்" தெலுங்கில் "கன்னு", பிராகுயியில் "ஃகன்", ஒரே வேர். "நாய்" அப்படியில்லை. மலையாளத்திலும் கன்னடத்திலும் நாய் இருக்கிறது, தெலுங்கில் "குக்க". (நம் அகராதியிலும் "குக்கல்" என்று நாய்க்கு ஒரு சொல் தூங்கிக்கொண்டிருக்கிறது. ஆனால் இன்று நாம் நாயைக் கூப்பிட அதைப் பயன்படுத்துவதில்லை, அதனால் கணக்கில் வராது.) பிரிந்து நாளாக ஆகப் பொதுச் சொற்கள் குறையும். எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்து, எவ்வளவு நாளாயிற்று என்று பின்னோக்கிக் கணக்கிடுகிறார்கள்.

இங்கேதான் சிக்கல். அதை என் மாணவி ஒரு காரை வைத்து விளக்கினாள்.

சென்னையிலிருந்து ஒரு கார் மன்னார்புரம் வந்து நம் வாசலில் நிற்கிறது. டிரைவர் இறங்கித் தூங்கப்போய்விட்டார். மீட்டரைப் பார்த்தால் 330 கிலோமீட்டர். எத்தனை மணிக்குச் சென்னையில் கிளம்பினார்? மீட்டரால் சொல்ல முடியாது. சராசரி 50-ல் வந்திருந்தால் ஆறரை மணி நேரம், 60 என்றால் ஐந்தரை, 70 என்றால் நாலே முக்கால். "சார், மீட்டரை இன்னும் நுணுக்கமா, 330.4ன்னு படிச்சா கிளம்பின நேரம் தெரிஞ்சிடுமா?" என்று கேட்டாள். தெரியாது. தெரியவேண்டியது வேகம். அது மீட்டரில் இல்லை.

சொற்பட்டியலும் அப்படித்தான். அது காட்டுவது மாற்றத்தின் மொத்த அளவை, அதாவது வேகத்தையும் காலத்தையும் பெருக்கி வரும் எண்ணை. காலத்தை மட்டும் பிரித்தெடுக்க வேகத்தைப் பற்றி வெளியிலிருந்து ஏதாவது தெரிந்திருக்க வேண்டும். தரவைப் பார்க்கும் முன்பே நம் கையில் இருக்கும் அந்த மதிப்பீட்டுக்குப் பெயர்தான் பிரையர். நெடுஞ்சாலையில் வந்த கார் சராசரி 20-லும் வந்திருக்காது, 150-லும் வந்திருக்காது. பெரும்பாலும் 50-க்கும் 70-க்கும் நடுவில். யாரிடமும் கேட்காமலே நமக்கு இது தெரியும். இதை வாய்விட்டுச் சொல்லி, ஒவ்வொரு வேகத்துக்கும் எவ்வளவு எடை என்று எழுதிவைத்துவிட்டுக் கணக்கைத் தொடங்குவதுதான் இந்த முறையின் வழக்கம்.

"இது ஊகம்தானேம்மா? கணக்கில் ஊகம் வரலாமா?" என்று நான் கேட்டேன். முப்பத்தைந்து வருட வாத்தியார் வேலையில் வந்த கோபம். அவள் சொன்னாள்: "வேகம் தெரியாம காலத்தைச் சொல்ற எல்லாருமே ஊகிக்கிறாங்க சார். இவங்க அதை எழுதிக் காட்டுறாங்க."

சரி, ஒரு சின்னக் கணக்கைக் கையால் போட்டுப் பார்ப்போம். நோட்டில் போட்டால் ஒரு பக்கம்கூட வராது. எண்கள் நான் வைத்தவை, கட்டுரையில் உள்ளவை அல்ல.

1950களில் மோரிஸ் ஸ்வாதேஷ் என்ற அமெரிக்க மொழியியலார், நூறு அடிப்படைச் சொற்களில் ஆயிரம் ஆண்டுக்குப் பிறகு சுமார் 86 தங்கும் என்று ஒரு வேகத்தைச் சொன்னார். இரண்டு மொழிகள் பிரிந்தால் இரண்டும் தனித்தனியே சொற்களை இழக்கும். அதனால் ஆயிரம் ஆண்டில் இரண்டிலும் பொதுவாக நிற்பது 0.86-ஐ 0.86-ஆல் பெருக்கினால் வருவது, அதாவது நூற்றுக்கு 74. ஆயிரத்து ஐந்நூறு ஆண்டில் 0.86-ஐ மூன்று முறை பெருக்க வேண்டும், 64 வரும். ஆக, நம் இரண்டு மொழிகளில் 64 சொல் பொதுவாக இருந்தால் பிரிந்து 1500 ஆண்டு.

ஆனால் எல்லா மொழியும் ஒரே வேகத்தில் மாறுவதில்லை. ஐஸ்லாந்து மொழி பழைய சொற்களை அப்படியே பிடித்துவைத்துக்கொண்டது. அதன் உடன்பிறப்பான நார்வே மொழி வேகமாக மாறிவிட்டது. ஸ்வாதேஷின் முறைக்குக் கெட்டபெயர் வந்ததே இதனால்தான். நம் மொழிகள் ஆயிரம் ஆண்டில் 90 சொற்களைக் காப்பாற்றும் மெதுவான ரகம் என்றால், அதே 64-க்கு விடை சுமார் 2100 ஆண்டு. 82 மட்டுமே தங்கும் வேகமான ரகம் என்றால் சுமார் 1100 ஆண்டு. ஒரே தரவுக்கு மூன்று விடை.

இப்போது பிரையர். நடு வேகத்துக்கு அரைப் பங்கு, மற்ற இரண்டுக்கும் கால் கால் பங்கு நம்பிக்கை என்று வைக்கிறேன். அப்படியானால் 1100-க்குக் கால், 1500-க்கு அரை, 2100-க்குக் கால். 64 என்ற எண் இந்த மூன்றில் எதையும் தூக்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. இந்த எடைகளை வைத்துச் சராசரி எடுத்தால் 1550.

அடுத்து ஒரு கல்வெட்டு கிடைக்கிறது. குறைந்தது 1200 ஆண்டுக்கு முன்பே இவை இரண்டும் வேறு வேறு மொழிகள் என்று அது காட்டுகிறது. 1100 அடிபட்டுப்போகிறது. மிச்சம் இருப்பது அரையும் காலும், மொத்தம் முக்கால். முழு நம்பிக்கையும் இப்போது இவற்றுக்குள்தான் இருக்கவேண்டும் என்பதால் இரண்டையும் முக்காலால் வகுக்கிறோம். 1500-க்கு மூன்றில் இரண்டு, 2100-க்கு மூன்றில் ஒன்று. சராசரி 1700. தரவைப் பார்த்த பிறகு மாறி நிற்கும் இந்த எடைப் பங்கீட்டுக்குப் பெயர்தான் போஸ்டீரியர். முன்பு வைத்த எடையை, அந்த விடை உண்மையென்றால் இந்தச் சான்று கிடைக்க எவ்வளவு வாய்ப்பு என்பதால் பெருக்கி, கூட்டுத்தொகை ஒன்றாகும்படி வகுக்கிறோம். தாமஸ் பேய்ஸ் என்ற பாதிரியாரின் விதி இதுதான். அவர் இறந்தபின் 1763-ல் வெளிவந்தது.

இதோடு நிறுத்தியிருந்தால் நான் சந்தோஷமாகத் தூங்கியிருப்பேன். மறுநாள் காலை நடையில் நண்பர் தமிழய்யாவிடம் காஜாமலைப் பக்கம் நடந்துகொண்டே இதைச் சொன்னேன். அவரும் ஓய்வுபெற்றவர். உங்களில் பலருக்குப் புணர்ச்சி விதி சொல்லிக்கொடுத்தவர்.

"கணக்கு வாத்தியாரே, நடு வேகத்துக்கு அரைப் பங்குன்னு யார் சொன்னது? நான் மூணுக்கும் சமமா வைக்கிறேன்" என்றார்.

நடந்தபடியே போட்டேன். மூன்றுக்கும் மூன்றில் ஒன்று. கல்வெட்டு வந்ததும் 1100 அடிபடும். மிச்சம் இரண்டும் சமம், பாதி பாதி. சராசரி 1800. என்னுடையது 1700.

"ஆக, நூறு வருஷம் உங்க பாக்கெட்டுலேர்ந்து வந்திருக்கு" என்றார்.

வாயடைத்துப் போனேன். அன்று மாலை மாணவியிடம் கேட்டேன்: நூறு சொல் போதாது, ஆயிரம் சொல் எடுத்தால் இந்தச் சண்டை தீருமா? இதற்கு அவள் சொன்ன பதிலுக்காகத்தான் இந்தப் பதிவையே எழுதுகிறேன்.

நூறு சொல்லில் 64 என்றால் அதில் தற்செயலின் தடுமாற்றம் உண்டு; உண்மை விகிதம் 54-லிருந்து 73 வரை எங்கும் இருக்கலாம். 86 என்ற ஒரே வேகத்தை நம்பினாலும் விடை சுமார் 1050-லிருந்து 2050 வரை ஊசலாடும். ஆயிரம் சொல் எடுத்து 640 பொதுவாக வந்தால் அந்த ஊசலாட்டம் சுமார் 1330-லிருந்து 1640 வரை என்று சுருங்கும். நல்லதுதான். ஆனால் சுருங்குவது ஒவ்வொரு வேகத்துக்கும் உரிய விடை மட்டுமே. 1500-ஐச் சுற்றி ஒரு கூர்மையான குன்று, 2100-ஐச் சுற்றி இன்னொரு கூர்மையான குன்று. எந்தக் குன்று என்பதை ஆயிரம் என்ன, பத்தாயிரம் சொல்லும் தீர்க்காது. மீட்டரை 330.4 என்று படித்த கதைதான். தீர்க்கக்கூடியது வேகத்தைப் பற்றிய புதுச் செய்தி மட்டும்.

எல்லா பேய்சியன் ஆய்வும் இப்படியில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2020-ல் வந்த ஃபைசர் கொரோனா தடுப்பூசி ஆய்வும் இதே முறையில் போட்ட கணக்குதான். அங்கே பிரையர், ஊசி சுமார் 30 சதவீதம் பலன் தரலாம் என்ற தயக்கமான மதிப்பீடு. அதன் எடை இரண்டு நோயாளிகளுக்கும் குறைவு. தரவில் வந்ததோ 170 நோயாளிகள்: ஊசி போட்டவர்களில் 8, போடாதவர்களில் 162. இரண்டுக்கும் 170-க்கும் என்ன போட்டி? முன்மதிப்பு அடித்துச்செல்லப்பட்டது, பலன் 95 சதவீதம், இடைவெளி 90.3-லிருந்து 97.6 வரை. அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு "தரவு வந்தால் பிரையர் கரைந்துவிடும்" என்று ஒருவர் பழகியிருந்தால், அதே பழக்கத்தோடு மொழி வயதுக் கட்டுரைக்கு வரக்கூடாது. இங்கே அது முழுதாகக் கரையாது.

அப்படியானால் திராவிட மொழிகளின் வேகத்தை எங்கிருந்து தெரிந்துகொள்வது? மறுபடி காருக்கு வருவோம். டிரைவரின் சட்டைப்பையில் விழுப்புரத்தில் டீ குடித்த பில் இருக்கிறது, அதில் நேரம் அச்சாகியிருக்கிறது. மூன்று மணி நேரத்துக்கு முந்தைய பில். விழுப்புரத்திலிருந்து இங்கே 165 கிலோமீட்டர் என்றால் அந்தப் பாதியை 55-ல் வந்திருக்கிறார். முதல் பாதியும் இப்படித்தான் என்று வைத்தால் மொத்தம் ஆறு மணி நேரம்.

மொழிகளுக்கு டீ பில் கல்வெட்டுதான். புகளூர் ஆறுநாட்டார் மலைக்கு உங்களில் சிலரைச் சுற்றுலா அழைத்துப்போனது நினைவிருக்கும். பாறையில் தமிழ் பிராமி எழுத்தைத் தடவிப் பார்த்தீர்கள். அந்த மாதிரிச் சான்றுகளிலிருந்து, சில கிளைகள் இன்ன காலத்துக்குள் பிரிந்திருக்க வேண்டும் என்று தெரிகிறது. அந்தக் காலங்களை ஒற்றை எண்ணாகக் கொடுக்காமல், "பெரும்பாலும் இந்த வரம்புக்குள்" என்ற பங்கீடாகக் கொடுக்கிறார்கள். அதுவும் பிரையர்தான். இதில் கவனிக்க வேண்டியது, பில் டீ குடித்த நேரத்தைச் சொல்லும். கடைக்கு எப்போது வந்தார், எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தார் என்று சொல்லாது. கல்வெட்டும் மொழி எழுதப்பட்ட நாளைத்தான் காட்டும், பிரிந்த நாளை அல்ல. பிரிவு அதற்கு முன்னால் நடந்தது என்பது நிச்சயம். எவ்வளவு முன்னால் என்பது அறிஞர்களின் மதிப்பீடு.

அதற்கு மேல் இன்னொன்று. நம்மிடம் இருக்கும் பில்கள் எல்லாம் பயணத்தின் கடைசிப் பகுதிக்கு உரியவை. தாம்பரம், செங்கல்பட்டு நெரிசலில் கார் 40-ல் ஊர்ந்ததா, 60-ல் வந்ததா? 40 என்றால் முதல் பாதிக்கு மட்டும் நாலு மணி நேரத்துக்கு மேல். 60 என்றால் மூன்றுக்கும் குறைவு. இந்தக் கட்டுரைக்காரர்கள் வேகம் எல்லாக் கிளையிலும் ஒன்று என்று அடம்பிடிக்கவில்லை. கிளைக்குக் கிளை வேகம் மாறலாம் என்று இடம்கொடுக்கும் மாதிரிகளையும் ஓட்டிப்பார்த்து, தரவுக்கு நன்றாகப் பொருந்துவதைத் தேர்ந்தெடுத்தார்கள். நேர்மையான வழி. ஆனால் அந்த நேர்மைக்கு விலை உண்டு. எழுத்துச் சான்று கிடைக்கும் காலத்தைத் தாண்டிப் பின்னோக்கிப் போகப் போக விடை அகன்றுகொண்டே போகும்.

இப்போது அவர்களின் விடையைப் படிக்கலாம். கணினி இந்தப் பிரையர்களையும் சொற்பட்டியலையும் வைத்துக்கொண்டு ஒரு மரம் வரைவதில்லை. ஆயிரக்கணக்கான குடும்ப மரங்களை வரைகிறது. தரவுக்கும் பிரையருக்கும் அதிகம் ஒத்துப்போகும் மரம் அடிக்கடி வரும், குறைவாக ஒத்துப்போவது எப்போதாவது வரும். அந்தக் குவியல்தான் போஸ்டீரியர். ஒவ்வொரு மரத்துக்கும் அடிவேரில் ஒரு வயது இருக்கும். எல்லா வயதையும் வரிசையாக அடுக்கினால் நடுவில் வருவது சுமார் 4500. நான் மலரில் எழுதிய எண் அதுதான். குவியலில் பாதி மரங்கள் அதைவிட இளையவை, பாதி மூத்தவை.

அதே வயதுகளில், 95 சதவீத மரங்களை உள்ளடக்கும் மிகக் குறுகிய வீச்சை எடுத்தால் சுமார் 3000-லிருந்து 6500 ஆண்டு வரை வருகிறது. கட்டுரையில் இதற்கு ஹெச்.பி.டி. இடைவெளி என்று பெயர். கிரெடிபிள் இன்டர்வலில் அது ஒரு வகை. செய்தித்தாளில் இந்த வீச்சு இல்லை. என் மலர் வரியிலும் இல்லை.

இந்த 95-ஐ எப்படி வாசிப்பது? நாம் கல்லூரியில் படித்த பழைய இடைவெளியின் 95, வலையைப் பற்றிய வாக்குறுதி: இதே முறையில் நூறு தடவை வலை வீசினால் 95 தடவை மீன் மாட்டும். கையில் இருக்கும் இந்த ஒரு வலையில் மீன் இருக்கிறதா என்று அது சொல்லாது. பேய்சியன் இடைவெளி நேராகவே பேசுகிறது: இந்தப் பிரையரும், இந்த மாதிரியும், இந்தத் தரவும் என்றால், உண்மை வயது இந்த வீச்சுக்குள் இருக்க 95 சதவீதம் வாய்ப்பு. நம் மனம் எப்போதும் கேட்க விரும்பும் வாக்கியம்தான். ஆனால் அந்த "என்றால்" அதோடு ஒட்டியே இருக்கிறது. மாதிரியே தப்பு என்றாலோ, பிராகுயி மொழியில் வந்து குவிந்திருக்கும் பலூச்சிக் கடன்சொற்களைப் பிரித்தெடுப்பதில் சறுக்கல் இருந்தாலோ, அந்த 95 அதற்குப் பொறுப்பேற்காது.

இன்னொன்றையும் கவனியுங்கள். 4500-லிருந்து கீழே 1500 ஆண்டு, மேலே 2000 ஆண்டு. வீச்சு மூத்த பக்கமாக நீள்கிறது. இதில் ஆச்சரியமில்லை. வேகம் இரண்டு மடங்கானால் காலம் பாதியாகும், ஆனால் வேகம் பாதியானால் காலம் இரண்டு மடங்காகும். அதனால் "கூட்டல் கழித்தல் இவ்வளவு" என்று சமமாகச் சொல்லும் செய்தியைப் பார்த்தால் சந்தேகப்படலாம்.

தமிழய்யாவிடம் இதைச் சொன்னதும் அவர் கேட்ட கேள்வி வேறு. "சிந்துவெளிக்காரங்க பேசினது திராவிட மொழின்னு இந்தக் கட்டுரை நிரூபிச்சிருச்சுன்னு என் மருமகன் அனுப்பியிருக்கார். 4500 வருஷம், ஹரப்பா காலம், சரியாப் பொருந்துதாமே?"

நடு எண்ணை மட்டும் பார்த்தால் பொருந்துவதுபோலத்தான் இருக்கும். ஹரப்பா நாகரிகத்தின் முதிர்ந்த காலம் கி.மு. 2600-லிருந்து 1900 வரை. ஆனால் வீச்சை எடுத்துப் பாருங்கள். 6500 ஆண்டு என்றால் கி.மு. 4500, அந்த நகரங்கள் எழுவதற்கு வெகு முன்னால். 3000 ஆண்டு என்றால் கி.மு. 1000, அவை அழிந்து பல நூற்றாண்டுக்குப் பின்னால். திராவிட மொழிகள் ஹரப்பாவுக்கு முன் பிரிந்தன, ஹரப்பா காலத்தில் பிரிந்தன, ஹரப்பாவுக்குப் பின் பிரிந்தன என்ற மூன்று கட்சிக்காரர்களும் இந்த ஒரே இடைவெளிக்குள் வசதியாக உட்காரலாம். மூலமொழி எந்த இடத்தில் பேசப்பட்டது என்பது தெரியவில்லை என்று கட்டுரையின் சுருக்கத்திலேயே எழுதியிருக்கிறார்கள்.

"அப்போ மருமகனுக்கு என்ன பதில் போட?"

"உங்க விருப்பத்தைத் தடுக்கவும் இல்லை, நிரூபிக்கவும் இல்லைன்னு போடுங்க ஐயா."

"இதை அனுப்பினா அவர் பதிலே போடமாட்டார்" என்றார். அப்படியே ஆயிற்று.

மரக் குவியலைப் பற்றி இன்னும் ஒன்று மட்டும். கட்டுரையில் உள்ள மரப் படத்தில் ஒவ்வொரு கவையிலும் ஒரு எண் இருக்கும். அந்தக் குறிப்பிட்ட மொழிகள் ஒன்றாகச் சேர்ந்து நிற்பது குவியலில் எத்தனை பங்கு மரங்களில் என்பதைக் காட்டும் எண் அது. வடக்கு, மத்தி, தெற்கில் இரண்டு என்று மொழியியலார் முன்பே சொன்ன நான்கு கிளைகளும் இந்த ஆய்வில் வந்துவிட்டன. அந்த நான்கில் எது எதற்கு நெருக்கம், எது முதலில் பிரிந்தது என்பதில்தான் மரங்கள் ஆளுக்கொரு பக்கம் போகின்றன. படமாக அச்சிடும்போது பெரும்பாலும் ஏதாவது ஒரு மரத்தைத்தான் போடுவார்கள். அதனால் எண் சிறிதாக இருக்கும் கவையையும் நம் கண் உறுதியான கோடாகவே பார்க்கிறது. நானும் முதல் நாள் அப்படித்தான் பார்த்தேன்.

இந்த மாதிரிக் கட்டுரையை இனி எடுத்தால் எங்கே பார்ப்பது என்று மாணவியிடம் கேட்டேன். முடிவுரைக்குப் போவதற்கு முன் பிரையர்கள் எங்கே எழுதப்பட்டிருக்கின்றன என்று தேடச் சொன்னாள்; பெரும்பாலும் செய்முறைப் பகுதியிலோ பின்னிணைப்பிலோ இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் சொல்லியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். பிறகு, அதை மாற்றினால் விடை எவ்வளவு நகர்கிறது என்று காட்டியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். அவள் செய்யும் ஒரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. தரவே இல்லாமல், பிரையரை மட்டும் வைத்துக் கணினியை ஓட்டிப்பார்ப்பது. தரவு இல்லாமலே கிட்டத்தட்ட அதே விடை வந்தால், தரவு நமக்குப் புதிதாக எதுவும் சொல்லவில்லை, போட்டதையே திருப்பி எடுத்திருக்கிறோம் என்று அர்த்தம். பரீட்சையில் விடையை முதலில் பார்த்துவிட்டுப் படிகளை எழுதும் மாணவனை நாம் கண்டுபிடிப்பதில்லையா, அதே வேலை.

சங்கச் செயலரிடம் பேசிவிட்டேன். அடுத்த மலரில் திருத்தம் போடுவதாகச் சொன்னார். இரண்டு வரிக்குமேல் இடம் இல்லையாம். பேத்தியிடம் எழுதச் சொன்னேன். தமிழய்யா ஒரு சந்திப்பிழையைத் திருத்தினார். இப்படி வந்திருக்கிறது:

"திராவிட மொழிக் குடும்பம் கிளைவிடத் தொடங்கி சுமார் 4500 ஆண்டுகள் ஆகியிருக்கலாம் என்று 2018-இல் வெளிவந்த ஓர் ஆய்வு மதிப்பிடுகிறது, அவர்களின் முன்மதிப்புகளையும் மாதிரியையும் ஏற்றுக்கொண்டால் அது 3000 முதல் 6500 ஆண்டுகளுக்குள் இருக்க 95 சதவீத வாய்ப்பு உண்டு. சென்ற மலரில் தாத்தா எழுதியது தவறு."

கடைசி வாக்கியத்தை எடுத்துவிடலாமா என்று செயலர் கேட்டார். இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.